பத்துக்கு நான்கு

விடைத்தாள் திருத்துவதில் நான் கறார் என்று பெயர் வாங்கியவள். வாங்கியவள் என்ன, தேடித் தேடிச் சேர்த்துவைத்தவள். சிதம்பரத்தில் நான் ஆங்கிலம் நடத்தும் கல்லூரியில், தங்கள் தாள்கள் என் கட்டுக்கு வந்திருக்கின்றன என்று தெரிந்தால் பிள்ளைகள் கோயிலுக்கு வேண்டிக்கொள்வார்களாம். யாரோ இதைச் சொன்னபோது வெளியே அதட்டினேன், உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நான் செய்த காரியத்தை வீட்டில்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

என் வீடு கடலூரில். தினமும் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் ஏறி சிதம்பரம் போய்வர வேண்டும். ஆறு வருடங்களுக்கு முன் ஒருநாள், ஜன்னலோர இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடித்துவைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்த ஓர் ஆளோடு நான் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண், கறுப்புப் பர்தாவும் கையில் டிபன் பையுமாக வந்து, அந்தத் துண்டை அழகாக மடித்து அவர் கையில் கொடுத்தாள். "உங்க துண்டு கீழ விழுந்துடப் போவுதுங்க" என்றாள். அந்த ஆள் பேசாமல் பின்னால் போய்விட்டார். நான் பத்து நிமிடம் கத்தி நடக்காதது அவள் ஒரு வாக்கியத்தில் நடந்துவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கை.

அவள் ஊர் மேல்பட்டாம்பாக்கம். அங்கிருந்து ஒரு பஸ், கடலூரில் மாறி இன்னொரு பஸ். சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சர். கணவர் வெளிநாட்டில் சுமை தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். வீடு அவள் கையில்தான் ஓடியது. அலுவலகத்துக்கு வரும் தமிழ் மனுக்களை ஆங்கிலத்திலும், ஆங்கில உத்தரவுகளைத் தமிழிலும் பெயர்த்துக் கொடுப்பதும் அவள்தான். ஆனால் அந்த வேலைக்கான பதவி அவளுடையது அல்ல. மொழிபெயர்ப்பாளர் என்ற இடம் காலியாகவே கிடந்தது. அதற்கு ஒரு மொழித்தேர்வு எழுதித் தேற வேண்டும்.

தேர்வு இரண்டு பகுதி. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு இரண்டு சிறு பத்திகள், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு இரண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் ஐம்பது மதிப்பெண். இரண்டிலும் தனித்தனியாக முப்பது வாங்க வேண்டும். ஒன்றில் நாற்பத்தைந்து வாங்கி இன்னொன்றில் இருபத்தொன்பது வாங்கினால் வீட்டுக்குப் போகலாம்.

இதற்காகத்தான் பஸ்ஸில் எங்கள் விளையாட்டு ஆரம்பித்தது. பாடம் என்று சொன்னால் பொய். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததைவிட அவளிடம் நான் தோற்றதுதான் ஜாஸ்தி. காலண்டர் தாளைக் கிழித்து நான் ஒரு பத்தி எழுதிவருவேன். ஆலப்பாக்கம் வருவதற்குள் அவள் பெயர்த்துவிட வேண்டும். புதுச்சத்திரம் வருவதற்குள் நான் திருத்திவிடுவேன். பிடிக்காத இடத்தில் அலையலையாக ஒரு கோடு இழுப்பேன். மூலத்தில் இல்லாததை அவள் சேர்த்துவிட்டால் ஓரத்தில் 'மிகை' என்று எழுதுவேன். அதற்கப்புறம் சிதம்பரம் வரைக்கும் சண்டை.

ஒருநாள் 'வாக்கிங் ஆன் எக் ஷெல்ஸ்' என்பதைக் கொடுத்தேன். யாருடைய கோபத்தையும் கிளறிவிடக் கூடாதே என்று பயந்து பயந்து நடந்துகொள்வதற்கு ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். 'ஒரு வாரம் அந்த வீடே அப்படி நடந்தது' என்பதுபோல ஒரு வாக்கியம். அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு எழுதினாள்: 'ஒரு வாரம் அந்த வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை.'

"தட்டு எங்கேர்ந்து வந்துச்சு? இங்கிலீஷ்ல முட்டை ஓடுதானே இருக்கு" என்றேன்.

"முட்டை ஓட்டு மேல நம்ம ஊர்ல யாருக்கா நடக்குறா? வீட்டுல ஆம்பள கோவமா இருந்தா நாங்க தட்ட மெதுவாத்தான் வெப்போம். அதான் எழுதினேன்."

"மிகை" என்று எழுதி, கோடு இழுத்து, காகிதத்தை அவளிடமே கொடுத்தேன். பி.முட்லூர் தாண்டும்வரை வாதாடினாள். கடைசியில் நான்தான் இறங்கிவந்தேன். "சரி தாயே, உன்னுதுதான் சரி. நானா இருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டேன்" என்றேன். அது பாராட்டு என்று அவள் நினைத்துக்கொண்டாள். எனக்கு உள்ளே சுருக்கென்றிருந்தது. முப்பது வருடம் இங்கிலீஷ் படித்து, படிப்பித்து, இந்த ஒரு வரி எனக்கு வராது. அது அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

தேர்வு வந்தது. அடுத்த தேர்வு நடக்கும்போது அவள் வயது வரம்பைத் தாண்டியிருப்பாள். அதனால் இதுதான் முதலும் கடைசியும். எழுதிவிட்டு மறுநாள் பஸ்ஸில் சந்தோஷமாக இருந்தாள். என்ன கேட்டிருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. "முடிஞ்ச பரீட்சையப் பத்திப் பேசக் கூடாது" என்று வாயை அடைத்துவிட்டேன். அடுத்த மாதமே எனக்குத் திருத்தும் பணிக்கு அழைப்பு வந்தது.

திருத்துபவர் யார் என்று வெளியே தெரியக் கூடாது என்பது விதி. அவளிடம், "மூணு நாள் ட்ரெயினிங், சிதம்பரம் வரமாட்டேன்" என்று சொன்னேன். கடலூரிலேயே ஒரு கல்லூரிக் கூடத்தில் உட்கார்ந்தோம். மே மாத வெயில், மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்கச் செங்கல் துண்டு. முதல் வேலை ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து. என் உறவினரோ என்னிடம் படித்தவரோ இந்தத் தேர்வை எழுதவில்லை, ஏதாவது ஒரு தாள் இன்னாருடையது என்று தெரியவந்தால் அதைத் திருத்தாமல் தலைமைத் தேர்வாளரிடம் ஒப்படைப்பேன் என்று அதில் இருந்தது. பேனாவைப் பிடித்தபடி ஒரு நொடி நின்றேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கை என்ன உறவு? காலண்டர் தாளில் எழுதுவது படிப்பிப்பதில் சேருமா? சேராது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

ஆளுக்கு ஒரு கேள்வி பிரித்துக் கொடுத்தார்கள். ஒரே ஆள் முழுத்தாளையும் திருத்தக் கூடாது என்று ஏற்பாடு. எனக்கும் இன்னும் நான்கு பேருக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்க்கும் முதல் பத்தி. இருபத்தைந்து மதிப்பெண். அதில் பொருள் சரியாக வந்திருப்பதற்குப் பதினைந்து, தமிழ் தமிழாக இருப்பதற்குப் பத்து. சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் அந்தப் பத்தில் இரண்டுக்கு மேல் போடக் கூடாது. ஆங்கில மரபுத்தொடருக்கு நம் மக்கள் வாயில் வழங்கும் பேச்சைக் கண்டுபிடித்து எழுதியிருந்தால் எட்டு வரை தாராளமாகப் போடலாம். நம்புங்கள், நல்ல திட்டம்தான். திட்டத்தின் மேல் பழி போட எனக்கு வழியே இல்லை.

பத்தி இதுதான்: சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய மகன், அப்பா அவனுக்குக் 'கோல்ட் ஷோல்டர்' கொடுக்கிறார், அதாவது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், ஒரு வாரம் வீடே முட்டை ஓட்டின் மேல் நடக்கிறது, கடைசியில் அம்மா தலையிட்டு முடித்துவைக்கிறாள். படித்ததும் எங்கள் காலண்டர் தாள் ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் ஐந்நூறு தாள்களில் அவளுடையது என் கட்டுக்கா வந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

பெரும்பாலான தாள்களில் அப்பா மகனுக்குக் குளிர்ந்த தோளைக் கொடுத்திருந்தார். குடும்பமே முட்டை ஓட்டின் மேல் நடந்துகொண்டிருந்தது. ஒருவர் ஆம்லெட் வரைக்கும் போய்விட்டார். இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு என்று போட்டுக்கொண்டே வந்தேன். காலையில் ஒரு தாள் மட்டும் நன்றாக இருந்தது. 'ஒரு வாரம் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது' என்று யாரோ எழுதியிருந்தார். மூலத்தில் மூச்சும் இல்லை, பிடிப்பும் இல்லை. ஆனால் தமிழாக இருந்தது. மகிழ்ச்சியோடு எட்டு போட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு பிரித்த மூன்றாவது தாள். 'அப்பா முகங்கொடுத்துப் பேசவில்லை. ஒரு வாரம் அந்த வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை.'

தாளில் தேர்வு எண்ணை மறைத்திருந்தார்கள். மறைத்து என்ன பயன்? அந்த வாக்கியத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு சொந்தக்காரிதான் உண்டு.

நான் எழுந்து தலைமைத் தேர்வாளரிடம் போயிருக்க வேண்டும். இருபதடி தூரம். "இந்தத் தாள் எனக்குத் தெரிந்தவருடையது" என்று ஒரு வாக்கியம். அவர் வாங்கி வேறு ஒருவரிடம் கொடுத்திருப்பார். அந்த வேறு ஒருவர் எட்டு போட்டிருப்பார். நான் எழுந்திருக்கவில்லை. போனால், காலையில் போட்ட கையெழுத்து என்ன ஆவது? கறாரான பெண்மணி என்ற பெயர் என்ன ஆவது? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? இப்படியெல்லாம் யோசித்தேன். அவளைப் பற்றி யோசிக்கவில்லை.

பிறகு எட்டு போடப் பேனாவை வைத்தேன். தலைமைத் தேர்வாளர் பத்துக்கு ஒன்று எடுத்து மறுபடி பார்ப்பார். இதை எடுத்துவிட்டால்? தெரிந்தவளுக்கு அள்ளிக் கொடுத்தாள் என்று பின்னால் யாராவது கிளப்பிவிட்டால்? அந்தப் பயத்தில், என் நேர்மைக்கு நானே ஒரு சாட்சி தயார் செய்தேன். தட்டுக்குக் கீழே அலையலையாகக் கோடு இழுத்தேன். ஓரத்தில் 'மிகை' என்று எழுதினேன். பத்துக்கு நான்கு போட்டேன். போட்டதும் மனதுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியில், எனக்கு வராத வரி அவளுக்கு வந்ததற்கான பொறாமையும் கொஞ்சம் கலந்திருந்தது. இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

அவள் மொத்தம் எவ்வளவு வாங்குவாள் என்று எனக்கு அப்போது தெரியாது. நான்கில் என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். திருத்துகிறவர்கள் எல்லோரும் நினைப்பதுதான்.

முடிவு வந்த அன்று அவள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு, சிரிக்கப் பார்த்தாள்.

"இங்கிலீஷ்ல பாஸ்க்கா. நாப்பத்தொண்ணு. தமிழ்ல போச்சு. இருபத்தெட்டு."

நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினேன்.

"நான் தமிழ்ல ஃபெயிலாமா. எங்க வூட்டுக்காரரு சிரிக்கிறாரு. அப்புறம் அவரே அழுவுறாரு" என்றாள்.

"மறுகூட்டல் போட்டுப் பாரு" என்றேன். கூட்டலில் தப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் சொன்னேன். அவள் மறுகூட்டலுக்கும் போட்டாள், விடைத்தாள் நகலுக்கும் மனுப் போட்டாள். அந்த இரண்டு மாதமும் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "கண்டிப்பா எங்கயோ தப்பு நடந்திருக்கு" என்று அவளோடு சேர்ந்து நானும் திட்டிக்கொண்டு வந்தேன். என் வெட்கங்கெட்ட வாயை என்ன செய்வது?

நகல் வந்தது. மறுநாள் காலை பஸ் கடலூர் முதுநகரைத் தாண்டியதும் அவள் பையைத் திறந்தாள். விடைத்தாள் நகலை என் மடியில் விரித்தாள். அதன் பக்கத்தில், மடித்து மடித்துப் பழுத்துப்போன ஒரு காலண்டர் தாளையும் விரித்தாள். இரண்டிலும் அதே தட்டு. இரண்டிலும் அதே அலைக்கோடு. இரண்டு 'மிகை'. 'மிகை'யில் நான் எழுதும் 'கை' எப்போதும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டிலும் தூக்கிக்கொண்டு நின்றது.

"நீங்களாக்கா?"

"ஆமாம்."

"என்னுதுன்னு தெரியுமா?"

பொய் சொல்ல அவளே வழி விட்டிருந்தாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. "தெரியும்" என்றேன்.

"ராத்திரி முழுக்க வேண்டிக்கிட்டிருந்தேன். உங்களுக்குத் தெரியாம இருந்திருக்கணும்னு" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், இருபதடி தூரம், காலையில் ஒருவருக்குப் போட்ட எட்டு, பயம், பொறாமை. கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார். கடைசியில் அவள் ஒன்று மட்டும் கேட்டாள்.

"எனக்கும் எட்டு போட்டிருந்தா?"

"முப்பத்திரண்டு."

அவள் இரண்டு தாள்களையும் சேர்த்து மடித்துப் பைக்குள் வைத்தாள். "எறங்கற எடம் வந்துருச்சு மேடம்" என்றாள். ஆறு வருடத்தில் என்னை அவள் மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அன்று மாலையே தேர்வு நடத்தியவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். மறுநாள் அவளிடம் காட்டினேன். பக்கத்து இருக்கையில் உட்காரமாட்டாள் என்று நினைத்தேன். உட்கார்ந்தாள். கடிதத்தைப் படித்தாள். பையிலிருந்து பேனா எடுத்து, மூன்று இடத்தில் அலையலையாகக் கோடு இழுத்தாள்.

"மதிப்பீட்டில் நேர்ந்த குறை, வருந்தத்தக்கதுன்னு எழுதியிருக்கீங்க. யாரு வருந்தறது? 'நேர்ந்தது'ன்னா மழ பேஞ்ச மாதிரியில்ல இருக்கு. இதுல எங்கயுமே ஆளக் காணோம் மேடம்."

"ஆபீஸ் கடிதம் அப்படித்தான்" என்றேன்.

"தெரியும். தினமும் அதத்தான நான் பெயர்க்கிறேன். நீங்க தமிழ்ல சொல்லுங்க. நேத்து எங்கிட்ட சொன்னீங்களே, அப்படி."

சொன்னேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் எழுதினாள்: 'தாள் யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் திருப்பித் தரவில்லை. என்மேல் யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று, மற்றவருக்குப் போட்டதில் பாதியை இவருக்குப் போட்டேன்.' மூன்றே வரி. "இத இங்கிலீஷ்ல போடுங்க" என்று என்னிடம் நீட்டினாள். பஸ் குலுங்கக் குலுங்க எழுதினேன். என் ஆயுளில் செய்த மொழிபெயர்ப்புகளில் அதற்குத்தான் கை அதிகம் கூசியது. ஒரு சொல்லைக்கூட மழுப்ப அவள் விடவில்லை. சிதம்பரம் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுக் கல்லூரிக்குப் போனேன்.

பதில் வர ஒன்றரை மாதம் ஆயிற்று. அதற்குள் அவள் அலுவலகத்துக்கு, தேர்வில் தேறிய ஒருவர் மொழிபெயர்ப்பாளராக வந்து சேர்ந்துவிட்டார். தற்காலிகத் தட்டச்சர் இனி வேண்டாம் என்று மாதக் கடைசிவரை தவணை கொடுத்தார்கள். அந்தக் கடைசி நாள் மாலை, கடலூர் திரும்பும் பஸ்ஸில், பதிலைப் பிரிக்காமலே அவளிடம் கொடுத்தேன். பிரித்துப் படிக்க எனக்குத் தைரியம் இல்லை.

அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். அரைப் பக்கம்தான். இனிமேல் திருத்தும் பணிக்கு என்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று முதல் பத்தியில் இருந்ததாம். சொன்னாள். "அது நியாயம்" என்றேன். இரண்டாவது பத்தியில் ஒரே வாக்கியம், சட்டம் மணக்கிற நீளமான ஆங்கில வாக்கியம். அறிவித்த முடிவுகள் அறிவித்தபடியே நிற்கும், இதுபற்றி மேற்கொண்டு கடிதப் போக்குவரத்து ஏற்கப்படாது. பிறகு நானே படித்தபோது அப்படித்தான் எனக்குப் பெயர்க்கத் தெரிந்தது.

"என்ன போட்டிருக்காங்க?" என்று கேட்டேன்.

அவள் கடிதத்தை மடித்து என் கையில் வைத்தாள். பழக்கதோஷத்தில் ஒரு கணம் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"முடிஞ்சது முடிஞ்சதுதான், இனிமே இந்தப் பேச்ச எடுக்காதீங்கன்னு சொல்றாங்க மேடம்."

மிகையும் இல்லை, குறையும் இல்லை. பத்துக்குப் பத்து என்று வாய்வரை வந்தது. அதைச் சொல்ல நான் யார்? கடலூர் வந்ததும் அவள் டிபன் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, மேல்பட்டாம்பாக்கம் பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். என் பக்கத்து இருக்கையில் யாரோ வந்து துண்டைப் போட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.